பார்த்ததற்கு ஒரு கட்டம், முடிவுக்கு ஒரு கட்டம்
தோல் புறநோயாளிப் பிரிவுக்கு ஒரு குறிப்புப் படிவம் உருவாகும் விதம்

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் இரும்பு உருக்கும் உலைகளும் கம்பி உருட்டும் ஆலைகளும் ரசாயனத் தொழிற்சாலைகளும் உதிரிப் பாகம் செய்யும் பட்டறைகளும் அருகருகே இயங்குகின்றன. அங்கே ஒப்பந்தக் கூலியாக வேலை செய்யும் ஒருவருக்குக் கையில் தோல் வெடித்து எரியத் தொடங்கினால், அவர் முதலில் போவது மருந்துக்கடைக்கு. அந்த ஆயின்மென்ட்டில் கேட்காவிட்டால் பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கோ போவார். அதற்கும் அடங்காவிட்டால் 2022-இல் தொடங்கப்பட்ட திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. புறநகர் ரயிலில் ஏறினால் சென்னை ஸ்டான்லி மருத்துவமனைக்கும் போய்விடலாம். ஆக, சில மாதங்களுக்குள் ஒரே கையை மூன்று நான்கு மருத்துவர்கள் பார்க்கக்கூடும். அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள வழியில்லை. ஒருவர் கண்டதை அடுத்தவருக்குச் சொல்ல நோயாளி கையில் இருக்கும் ஓ.பி. சீட்டு ஒன்றுதான் உண்டு.

அந்தச் சீட்டில் பெரும்பாலும் இப்படித்தான் எழுதியிருக்கும்: ‘இரு கைகளிலும் எக்ஸிமா, இரண்டு வாரம் களிம்பு.’ இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இரண்டு வாரம் கழித்துப் பார்க்கும் மருத்துவருக்கு இதனால் பயனும் இல்லை. கையில் எந்தப் பகுதி, விரலிடுக்கா உள்ளங்கையா, வெடிப்பா நீர்க்கொப்புளமா, ஓரம் கோடு போட்டதுபோல நின்றதா மங்கிப் பரவியதா என்று எதுவும் தெரியாது. நோய் குறைந்ததா, இடம் மாறியதா, அல்லது முதல் நோய் போய் வேறொரு நோய் வந்ததா என்று அவரால் சொல்ல முடியாது. சீட்டில் இருப்பது முன்னவரின் முடிவு மட்டும். அந்த முடிவுக்கு அவரைக் கொண்டுபோன காட்சி அதில் இல்லை.

தோல் மருத்துவத்தில் இந்தச் சிக்கல் பழையது. 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை ஐரோப்பாவில் ஒரே தோல் நோய்க்குப் பல பெயர்களும், பல நோய்களுக்கு ஒரே பெயரும் வழங்கிவந்தன. லண்டன் மருத்துவர் ராபர்ட் வில்லன் அதற்கு ஒரு வழி கண்டார். நோய் எதனால் வந்தது என்ற ஊகத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, கண்ணுக்குத் தெரியும் அடிப்படை மாற்றம் எது என்று மட்டும் பார்த்து, தோல் நோய்களை எட்டு வரிசைகளாகப் பிரித்தார். பரு, செதில், சிவப்புத் தடிப்பு, பெருங்கொப்புளம், சீழ்க்கொப்புளம், சிறு நீர்க்கொப்புளம், கட்டி, புள்ளி ஆகியவை அவை. 1808-இல் வெளிவந்த அவருடைய நூல் இந்த வரிசையில்தான் அமைந்தது. இன்றைய பாடநூல்களின் முதல் அத்தியாயமும் அதே வழியில்தான் செல்கிறது. 1968-இல் அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் வீட் எல்லா நோய்க் குறிப்புகளுக்கும் இதை ஒத்த ஓர் ஒழுங்கை முன்வைத்தார். நோயாளி சொன்னது, மருத்துவர் கண்டது, மருத்துவரின் கணிப்பு, அடுத்து செய்யப்போவது ஆகிய நான்கும் தனித்தனியாக நிற்க வேண்டும் என்பது அது.

தோல் பிரிவுக்கான படிவத்துக்கு இந்த இரண்டும்தான் அடித்தளம். தலைப்புகள் மாறாமல் இருக்க வேண்டும். கண்டதும் கணித்ததும் ஒரே வரியில் கலக்கக் கூடாது. கும்மிடிப்பூண்டி போன்ற இடத்துக்கு இன்னொன்றும் தேவை: வேலை பற்றிய கேள்விகள் படிவத்தின் ஓரத்தில் ஒரு வரியாக இல்லாமல், தனித் தலைப்பாக இருக்க வேண்டும்.

எத்தனை தலைப்பு?

ஓ.பி.யில் ஒரு நோயாளிக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். படிவம் ஏ4 தாளின் ஒரு பக்கத்தைத் தாண்டினால் யாரும் நிரப்ப மாட்டார்கள். ஆகவே ஒவ்வொரு கட்டத்திடமும் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும்: இதில் எழுதப்படும் பதில் மாறினால், நோய்க் கணிப்போ சிகிச்சையோ மாறுமா? மாறாது என்றால் அந்தக் கட்டம் வேண்டாம். இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் ஆறு தலைப்புகள் மிஞ்சுகின்றன.

1. எப்போதிலிருந்து, எப்படித் தொடங்கியது
2. இதுவரை பூசியதும் விழுங்கியதும்
3. வேலை
4. தோலில் கண்டது
5. கணிப்பும் சோதனையும்
6. சிகிச்சை, அடுத்து எப்போது, எதைப் பார்க்க வேண்டும்

முதல் மூன்றையும் நோயாளி வரிசையில் காத்திருக்கும்போதே செவிலியர் கேட்டு எழுதிவிடலாம். ஆந்திர எல்லை பக்கத்தில் இருப்பதாலும் வடமாநிலத் தொழிலாளர்கள் நிறைய இருப்பதாலும் அந்த மூன்று தலைப்புகளின் கேள்விகள் தமிழோடு தெலுங்கு, இந்தி, ஒடியா மொழிகளிலும் அச்சாகியிருப்பது நல்லது. நான்காவது தலைப்பு மருத்துவர் தம் கையால் நிரப்ப வேண்டியது.

இரண்டாவது தலைப்பு ஏன் தனியாக நிற்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் ஒன்றாகக் கலந்த களிம்புகள் நம் மருந்துக்கடைகளில் சீட்டு இல்லாமலே கைமாறுகின்றன. படர்தாமரைக்கு இதைப் பூசினால் அரிப்பு இரண்டு நாளில் அடங்கும். பூஞ்சையோ உள்ளே பரவிக்கொண்டிருக்கும். படர்தாமரையின் அடையாளமான வளைய ஓரமும் செதிலும் அழிந்துபோய், பார்ப்பதற்கு எக்ஸிமா போலவே ஆகிவிடும். இந்தியாவில் பரவியுள்ள, வழக்கமான டெர்பினஃபின் மாத்திரைக்குப் பல வேளைகளில் அடங்காத பூஞ்சைக்கு 2020-இல் டிரைக்கோஃபைட்டன் இண்டோடினியே என்று தனிப்பெயரே சூட்டப்பட்டது. ஆகவே ‘என்ன பூசினீர்கள்?’ என்று கேட்டால் போதாது. ‘அந்த டியூபைக் கொண்டுவாருங்கள்’ என்று கேட்டு, அதில் அச்சாகியிருக்கும் மருந்துகளையும் கடைசியாகப் பூசிய நாளையும் எழுத வேண்டும். அந்த நாள் தெரியாமல் ஓரம் மங்கலாக இருக்கிறது என்று மட்டும் எழுதினால், அது நோயின் இயல்பா களிம்பின் வேலையா என்று பின்னால் பிரித்தறிய முடியாது.

தோலில் கண்டது

நான்காவது தலைப்புதான் படிவத்தின் மையம். அதில் ஒன்பது கட்டங்கள் போதும்: இடம், எண்ணிக்கை, அடிப்படை வகை, அளவு, நிறம், ஓரம், மேற்பரப்பு, அமைவு, உணர்ச்சி. பக்கத்தில் முன்புறமும் பின்புறமும் காட்டும் ஓர் உடல் வரைபடம். இந்தப் பகுதிக்கென்றால் கைகளை மட்டும் பெரிதாகக் காட்டும் இன்னொரு வரைபடமும் வேண்டும்.

கட்டங்களை நிரப்புவதற்கு முன் ஒரு தேர்வு இருக்கிறது. நோயாளியின் தோலில் பல மாற்றங்கள் ஒரே நேரத்தில் தெரியும். சொறிந்து புண்ணானவை, காய்ந்து பொருக்கானவை, பழசாகித் தடித்தவை எல்லாம் கலந்திருக்கும். அவற்றில் புதிதாகத் தோன்றிய, சொறியப்படாத ஒன்றைத் தேடிப் பிடித்து அதைத்தான் முதல் வரியில் எழுத வேண்டும். நோயின் உண்மையான வடிவம் அதில்தான் இருக்கிறது. மற்றவை இரண்டாம் வரிக்கும் மூன்றாம் வரிக்கும் போகட்டும். மூன்று வரிகளுக்கு மேல் தேவைப்படுவது அரிது.

அடிப்படை வகைக்குத் தேர்வுப் பட்டியல் அச்சில் இருக்க வேண்டும். தட்டையான நிறமாற்றம், சிறு பரு, தடித்த படை, ஆழமான கட்டி, சிறு நீர்க்கொப்புளம், பெரிய நீர்க்கொப்புளம், சீழ்க்கொப்புளம், தோன்றி மறையும் தடிப்பு, புண் ஆகியவை அதில் அடங்கும். பருவுக்கும் படைக்கும் எல்லை எது என்பதில் பாடநூல்கள் ஒத்துப்போவதில்லை. சில அரை சென்டிமீட்டர் என்கின்றன, சில ஒரு சென்டிமீட்டர் என்கின்றன. அந்தக் குழப்பத்தைத் தவிர்க்க, மருத்துவமனை ஏதாவது ஒன்றை ஏற்றுக்கொண்டு அதைப் படிவத்தின் அடியில் அச்சிட வேண்டும். அத்துடன் அளவுக் கட்டத்தில் மில்லிமீட்டரை எழுதிவிட்டால், எந்த வரையறையைப் பின்பற்றுபவரும் புரிந்துகொள்வார். ‘நெல்லிக்காய் அளவு’ என்று எழுதினால் அடுத்த மாதம் ஒப்பிட முடியாது.

நிறத்துக்கும் ஒரு எச்சரிக்கை தேவை. மேலைநாட்டுப் பாடநூல்களில் அழற்சி என்றால் சிவப்பு. நம் தோலில் அதே அழற்சி கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ பழுப்பாகவோ தெரியும். சில வேளைகளில் நிறம் மாறாமல் சூடும் வீக்கமும் மட்டும் இருக்கும். பட்டியலில் ‘சிவப்பு – உண்டு, இல்லை’ என்று மட்டும் இருந்தால், கருத்த தோலில் உள்ள அழற்சி ‘இல்லை’ என்று பதிவாகிவிடும். ஆகவே நிறத்தைப் பக்கத்திலுள்ள நல்ல தோலோடு ஒப்பிட்டு எழுதும்படி கட்டம் அமைய வேண்டும்: அதைவிட வெளுப்பா, கருப்பா, சிவப்பா, ஊதாவா என்று.

எண்ணிக்கையும் உணர்ச்சியும் எளிய கட்டங்களாகத் தோன்றும். அவற்றின் எடையை அறியத் தொழுநோயைப் பார்த்தால் போதும். திருமணியில் மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிறுவனம் 1955 முதல் இயங்கிவரும் மாநிலத்துக்கு இந்த நோய் அறிமுகமானதே. வெளுத்த தேமல் போன்ற ஒரு திட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் தொடு உணர்ச்சி இருந்தால் அது தேமலாகவோ வெயிலால் வந்த வெளுப்பாகவோ இருக்கலாம். உணர்ச்சி குறைந்திருந்தால் தொழுநோயின் முதன்மை அடையாளம் அது. திட்டுகள் ஐந்து வரை என்றால் ஒரு வகை, ஆறும் அதற்கு மேலும் என்றால் இன்னொரு வகை. அதைப் பொறுத்தே கூட்டுமருந்துச் சிகிச்சை ஆறு மாதமா பன்னிரண்டு மாதமா என்று முடிவாகிறது. ‘உடலில் பல திட்டுகள்’ என்று எழுதிய சீட்டு இந்த முடிவை எடுக்க உதவாது. சட்டையைக் கழற்றச் சொல்லி, முதுகையும் பார்த்து எண்ணிய எண் வேண்டும்.

உணர்ச்சிக் கட்டத்தில் மூன்று பதில்கள் இருக்க வேண்டும்: சரியாக இருக்கிறது, குறைந்திருக்கிறது, சோதிக்கவில்லை. மூன்றாவது பதில்தான் படிவத்தின் நேர்மையைக் காக்கிறது. அதை விட்டுவிட்டால், நெரிசலான ஒரு காலையில் பஞ்சை எடுத்துத் தொட்டுப் பார்க்காத மருத்துவர், காலியாக விடக் கூடாதே என்று ‘சரி’யில் குறியிட்டுவிடுவார். ஆறு மாதம் கழித்து உண்மையில் உணர்ச்சி குறைந்திருப்பது தெரியவரும்போது, அது இடையில் வந்ததா, அன்றே இருந்ததா என்பதற்கு எந்தச் சான்றும் இருக்காது. இந்த விதியை எல்லாக் கட்டங்களுக்கும் நீட்டலாம்: நகம், தலை, வாய், பாதம் என்று எதைப் பார்க்கவில்லையோ அதைப் பார்க்கவில்லை என்றே பதிய வசதி வேண்டும்.

வேலை என்ற தலைப்பு

‘தொழில்: கம்பெனி வேலை’ என்பது பதிலே அல்ல. நோயைத் தருவது தொழிலின் பெயரல்ல, தோலைத் தொடும் பொருள். ஆகவே கேள்விகள் இப்படி இருக்க வேண்டும்: கை எதில் நனைகிறது? ஒரு நாளில் எவ்வளவு நேரம்? வேலை முடிந்ததும் கையை எதால் கழுவுகிறீர்கள்? கையுறை உண்டா, எதனால் ஆனது? லீவு நாட்களில் குறைகிறதா? கூட வேலை செய்பவர்களுக்கும் இப்படி இருக்கிறதா? வீட்டில் வேறு வேலை உண்டா?

இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. தோலழற்சி வேலையால் வந்ததா என்று முடிவுசெய்ய 1989-இல் மத்தியாஸ் என்ற மருத்துவர் ஏழு அளவுகோல்களைக் கொடுத்தார். தோற்றம் தொடர்பழற்சிக்குப் பொருந்துகிறதா, பணியிடத்தில் அதற்குரிய பொருள் உண்டா, நோய் இருக்கும் இடம் பொருள் படும் இடத்தோடு ஒத்துப்போகிறதா, வேலைக்குச் சேர்ந்த காலத்தோடு நோய் தொடங்கிய காலம் பொருந்துகிறதா, வேலைக்கு வெளியே உள்ள காரணங்கள் விலக்கப்பட்டனவா, விலகியிருந்தால் குறைகிறதா, பேட்ச் டெஸ்ட் குறிப்பிட்ட பொருளைக் காட்டுகிறதா? இவற்றில் நான்குக்காவது ‘ஆம்’ என்றால் வேலையே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். மூன்றாவது, நான்காவது தலைப்புகளை ஒழுங்காக நிரப்பினாலே இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு விடை வந்துவிடும். படிவத்தின் கேள்விகளை இந்த ஏழிலிருந்துதான் பின்னோக்கி எடுக்க வேண்டும்.

ஒரு நோயாளி, இரண்டு மருத்துவர்கள்

இப்படி ஒரு படிவம் எப்படி வேலை செய்யும் என்பதை ஒரு மாதிரி நோயாளியை வைத்துப் பார்ப்போம். உதிரிப் பாகப் பட்டறை ஒன்றில் ஐந்து மாதமாக வேலை செய்யும் முப்பத்தொரு வயது ஒப்பந்தத் தொழிலாளி. கடைசல் எந்திரத்திலிருந்து எண்ணெய்ப் பிசுக்கோடு வரும் பாகங்களை மண்ணெண்ணெய்த் தொட்டியில் முக்கிக் கழுவுவது அவர் வேலை. முதல் மருத்துவர் எழுதிய பதிவிலிருந்து சில வரிகள்:

இடம்: இரு கைகளிலும் விரலிடுக்கு, விரல்களின் புறப்பக்கம், மணிக்கட்டில் இல்லை
வகை: படர்ந்த வறண்ட படை, நீர்க்கொப்புளம் இல்லை
ஓரம்: மங்கல்
மேற்பரப்பு: செதில், வெடிப்பு
உணர்ச்சி: எரிச்சல் அதிகம், அரிப்பு குறைவு, தொடு உணர்ச்சி சரி
பிற இடம்: பாதம், முழங்கை, தலை, நகம் பார்த்தது, மாற்றமில்லை
கே.ஓ.எச். சோதனை: வலது விரலிடுக்குச் செதில், பூஞ்சை இல்லை
வேலை: மண்ணெண்ணெய், நாளில் நான்கு மணி நேரம், கையுறை இல்லை, ஊருக்குப் போன பத்து நாளில் குறைந்தது

பாதத்தையும் நகத்தையும் ஏன் பார்த்தார்? கையில் மட்டும் தெரியும் நோய் சில நேரம் பாதத்தில் ஒளிந்திருக்கும் பூஞ்சையின் தொடர்ச்சி; முழங்கையிலும் தலையிலும் செதில் இருந்தால் அது சோரியாசிஸாக இருக்கலாம். அவை விலக்கப்பட்ட பிறகு கணிப்புக் கட்டத்தில் அவர் எழுதினார்: மண்ணெண்ணெயால் வந்த எரிச்சல்வகைத் தோலழற்சி. மண்ணெண்ணெய் தோலின் கொழுப்பைக் கரைத்துவிடுகிறது. விரலிடுக்கில் அது தேங்கி நிற்கிறது. அதனால்தான் அங்கே முதலில் வெடிக்கிறது. எரிச்சல் அரிப்பைவிட அதிகமாக இருப்பதும் இதற்குப் பொருந்துகிறது.

சிகிச்சைக் கட்டத்திலும் அளவு வேண்டும். ‘களிம்பு இரு வேளை’ என்றால் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. ஆட்காட்டி விரலின் கடைசிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம். ஒரு கையின் இரு பக்கத்துக்கும் அது போதும். இரு கைகளுக்கு ஒரு வேளைக்கு ஒரு கிராம், நாளுக்கு ஒரு வேளை, பதினான்கு நாட்களுக்குப் பதினான்கு கிராம். ஆகவே பதினைந்து கிராம் டியூப் ஒன்று. அடுத்த முறை டியூப் பாதி மீதமிருந்தால் மருந்து கேட்கவில்லை என்று முடிவுகட்டுவதற்கு முன், சரியாகப் பூசவில்லை என்பது தெரிந்துவிடும். அதோடு வாசலின் பூசவும், தொட்டி வேலைக்கு ரப்பர் கையுறை அணியவும் சொல்லப்பட்டது.

ஆறு வாரம் கழித்து அவர் வேறொரு மருத்துவரிடம் வருகிறார். கை ஆறவில்லை என்கிறார். பழைய பாணிச் சீட்டாக இருந்தால் ‘எக்ஸிமா, குறையவில்லை, வீரியமான களிம்பு’ என்று முடிந்திருக்கும். இங்கே இரண்டாம் மருத்துவர் அதே கட்டங்களை நிரப்பி முதல் பதிவின் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். விரலிடுக்கில் வெடிப்பு பெரும்பாலும் ஆறிவிட்டது. இப்போது நோய் இருப்பது புறங்கையிலும் மணிக்கட்டிலும். முன்பு இல்லாத சிறு நீர்க்கொப்புளங்கள் வந்திருக்கின்றன. எரிச்சல் போய் அரிப்பு மேலோங்கியிருக்கிறது. முன்கையில் ஓரிடத்தில் ஓரம் நேர்க்கோடாக நிற்கிறது. இடம், வகை, உணர்ச்சி, ஓரம் என்று நான்கு கட்டங்கள் மாறியிருக்கின்றன. பழைய நோய் ஆறிக்கொண்டிருக்கும்போதே புதிதாக ஒன்று வந்திருக்கிறது. நேர்க்கோடு நிற்கும் இடம் எது என்று கையுறையை மாட்டிப் பார்த்தால், அதன் விளிம்பு அங்கேதான் முடிகிறது.

ரப்பரை இறுகச் செய்யத் தையூரம் போன்ற சேர்மங்களைக் கலக்கிறார்கள். சிலருக்கு அவை ஒவ்வாமையைத் தூண்டும். இதை உறுதிசெய்யப் பேட்ச் டெஸ்ட் உண்டு. இந்தியாவில் இதற்கென இந்தியன் ஸ்டாண்டர்ட் சீரிஸ் என்ற ஒவ்வாமைப் பொருள் தொகுதி இருக்கிறது. குரோமேட், நிக்கல், தையூரக் கலவை உள்ளிட்டவை அதில் அடக்கம். மேல்முதுகில் ஒட்டி இரண்டு நாள் வைத்திருக்க வேண்டும். அதனுடன் நோயாளியின் கையுறையிலிருந்து வெட்டிய சிறு துண்டையும் ஒட்டலாம்.

படிவத்தில் இந்தச் சோதனைக்கு இரண்டு கட்டங்கள் கட்டாயம்: இரண்டாம் நாள் வாசிப்பு, நான்காம் நாள் வாசிப்பு. எரிச்சலால் வந்த எதிர்வினை ஒட்டியதை எடுத்தபின் மங்கத் தொடங்கும்; ஒவ்வாமையால் வந்தது நாளுக்கு நாள் வலுக்கும். இரண்டாம் நாளில் மட்டும் பார்த்தால் முன்னதை ஒவ்வாமை என்று தவறாக நினைக்கலாம், மெல்ல எழும் உண்மையான ஒவ்வாமையையும் தவறவிடலாம். திங்களன்று ஒட்டினால் புதனும் வெள்ளியும் வர வேண்டும். அந்த வாரம் முழுக்க முதுகு நனையக் கூடாது, அதிகம் வியர்க்கக் கூடாது. தினக்கூலிக்காரருக்கு இது மூன்று நாள் கூலி இழப்பு. இதை முன்பே சொல்லாமல் ஒட்டி அனுப்பினால் வெள்ளிக்கிழமை அவர் வர மாட்டார்; நான்காம் நாள் கட்டம் காலியாகவே கிடக்கும். நம் மாதிரி நோயாளிக்குத் தையூரம் இரண்டாம் நாளில் ஒரு கூட்டல் குறி, நான்காம் நாளில் இரண்டு கூட்டல் குறி. கையுறைத் துண்டுக்கும் எதிர்வினை உண்டு. குரோமேட்டுக்கும் நிக்கலுக்கும் இல்லை.

இப்போது ஆறாவது தலைப்பில் எழுதப்படும் அறிவுரை முதல் முறை எழுதியதிலிருந்து மாறுகிறது. ‘கையுறை அணியவும்’ என்ற பொதுச் சொல்லுக்குப் பதிலாக, தையூரம் போன்ற வேதிப்பொருள் சேர்க்காத நைட்ரைல் கையுறை என்று குறிப்பிட வேண்டும். சாதாரண நைட்ரைலிலும் அதே வகைச் சேர்மங்கள் இருக்கக்கூடும். இயற்கை ரப்பரோ மண்ணெண்ணெயில் ஊறி உப்பிவிடும். இன்னொரு எச்சரிக்கையும் அதே கட்டத்தில் வேண்டும். தொட்டி வேலைக்கு மட்டுமே கையுறை. சுழலும் கடைசல் எந்திரத்தின் அருகே கையுறை அணிந்தால் அது சிக்கிக் கையையே இழுத்துவிடும். ‘எந்த வேலையின்போது’ என்று படிவம் கேட்காவிட்டால், தோலைக் காக்கச் சொன்ன அறிவுரையே விரலைப் பறித்துவிடக்கூடும்.

சீட்டு வேறெங்கே போகிறது

இந்தப் பதிவுக்குச் சட்ட முகம் ஒன்றும் உண்டு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, அறிவிக்க வேண்டிய நோய்களைப் பட்டியலிட்டது. ரசாயனங்களும் பெயின்ட்டும் நேரடியாகப் படுவதால் வரும் தோலழற்சியும், குரோமியத்தால் வரும் புண்ணும் அதில் இருந்தன. அத்தகைய நோய் இருப்பதாகக் கருதும் மருத்துவர், தொழிலாளியின் பெயர், முகவரி, நோய், கடைசியாக வேலை செய்த தொழிற்சாலை ஆகியவற்றைத் தலைமை ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 89ஆம் பிரிவு சொன்னது. 2020ஆம் ஆண்டுப் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இந்தக் கடமையைத் தொடர்கிறது. படிவத்தில் தொழிற்சாலையின் பெயரும் முகவரியும் இல்லாவிட்டால் இந்த அறிக்கையை எழுதவே முடியாது. ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சம்பளம் கொடுப்பவர் ஒருவர், வேலை நடக்கும் இடம் இன்னொருவருடையது. ஆகவே இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும்.

அதே சமயம், முழுக் குறிப்பும் மேற்பார்வையாளர் கைக்குப் போகக் கூடாது. அதில் தொழுநோய்ச் சோதனையும் பிற நோய்களும் இருக்கலாம். அவற்றைப் பார்த்து ஒருவரை வேலையிலிருந்து நிறுத்திவிடும் ஆபத்து மெய்யானது. ஆகவே தொழிற்சாலைக்குக் கொடுக்கக் கிழித்தெடுக்கும் ஒரு தனித் துண்டு வேண்டும். எந்தப் பொருளைத் தொடக் கூடாது, எந்தக் கையுறை, எத்தனை நாள் என்பவை மட்டும் அதில் இருக்க வேண்டும்.

எங்கே கெடும், எப்படித் தெரியும்

கணினியில் வைக்கும் படிவங்கள் கெடுவது பெரும்பாலும் ஒரே வழியில்தான். எல்லாக் கட்டங்களிலும் ‘மாற்றமில்லை’ என்று முன்கூட்டியே நிரப்பிவைத்து, மாறுவதை மட்டும் திருத்தச் சொல்வார்கள். அல்லது சென்ற முறை எழுதியதை அப்படியே இறக்கும் பொத்தான் இருக்கும். நேரம் மிச்சமாகும். ஆனால் நம் மாதிரி நோயாளியின் இரண்டாம் வருகையில் ‘மணிக்கட்டில் இல்லை, ஓரம் மங்கல்’ என்ற பழைய வரி புதிய தேதியோடு மறுபடி வந்து உட்கார்ந்திருக்கும். கையுறை ஒவ்வாமையைக் காட்டிய மாற்றமே பதிவில் இருக்காது. பழைய பதிவைப் பக்கத்தில் காட்டலாம், புதிய கட்டத்துக்குள் கொட்டக் கூடாது. நோயாளியின் முந்தைய நோய்கள், தொழிற்சாலை முகவரி போன்றவற்றை மட்டும் முன்கொண்டுவரலாம். தோலில் கண்டது என்ற தலைப்பு ஒவ்வொரு முறையும் காலியாகவே திறக்க வேண்டும்.

புகைப்படம் இருக்கிறதே, இவ்வளவு எழுத வேண்டுமா என்று கேட்கலாம். அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, நோயாளியின் சம்மதத்தோடு எடுத்த படம் நிச்சயம் உதவும். ஆனால் படத்தில் கட்டியின் இறுக்கம் தெரியாது, உணர்ச்சி தெரியாது. மங்கிய விளக்கில் எடுத்த படத்தில் நம் தோலின் நிறமாற்றமும் ஏமாற்றும். படம் பதிவுக்குத் துணை. பதிவின் இடத்தில் அதை வைக்க முடியாது.

படிவம் வேலை செய்கிறதா என்று அறிய ஒரு எளிய சோதனை உண்டு. நிரப்பிய பத்துப் பழைய பதிவுகளை எடுத்து, கணிப்பு வரியை மறைத்து, அந்த நோயாளிகளைப் பார்க்காத ஒரு மருத்துவரிடம் கொடுக்க வேண்டும். பதிவை மட்டும் படித்து, வெற்று உடல் வரைபடத்தில் நோய் இருந்த இடத்தையும் அளவையும் அவர் வரையட்டும். என்ன நோயாக இருக்கலாம் என்று மூன்று பெயரும் எழுதட்டும். மூலப் பதிவோடு ஒத்துப்பார்த்தால் எந்தக் கட்டம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது என்று தெரிந்துவிடும். பல பதிவுகளில் ஒரே கட்டத்தில் தவறினால் குற்றம் அந்தக் கட்டத்தின் சொல்லில்; அதை மாற்ற வேண்டும். பத்திலும் ஒரு கட்டம் காலியாகவே இருந்தால், ஒன்று அது தேவையற்றது, அல்லது அதை நிரப்ப வேண்டியவருக்கு நேரமில்லை. இரண்டில் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, நீக்கவோ செவிலியர் பகுதிக்கு மாற்றவோ வேண்டும்.

கும்மிடிப்பூண்டிக்குச் சரியாக அமைந்த படிவம் செங்கல் சூளைத் தொழிலாளர்கள் வரும் ஊர்ப் பகுதிக்கு அப்படியே பொருந்தாது. அங்கே வேலைத் தலைப்பில் மண்ணெண்ணெய்க்குப் பதில் சூடும் சாம்பலும் ஈர மண்ணும் வரும். பழவேற்காட்டு மீனவருக்கு உப்பு நீரும் வலையும் வரும். மாறுவது மூன்றாவது தலைப்பின் கேள்விகள் மட்டுமே. நான்காவது தலைப்பின் ஒன்பது கட்டங்கள் எங்கும் ஒன்றுதான். மாவட்டத்தில் தோல் நோயாளிகளைப் பார்க்கும் எல்லா இடங்களும் அந்த ஒன்பதையாவது ஒரே வரிசையில், ஒரே சொற்களில் அச்சிட்டால், எந்த வாசலில் நுழைந்தாலும் நோயாளியின் கை சென்ற மாதம் எப்படி இருந்தது என்று பார்ப்பவருக்குத் தெரியும்.